பிரிப்பது யாருடைய கை?

ஆரணியில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. குப்பை எடுக்க எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யப் போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். அங்கே நான் பேசியதைக் கீழே அப்படியே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வீட்டுக் குப்பைக்கு இவ்வளவு பேச்சா என்று தோழர்கள் கேட்கலாம். சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் பேசும் நம்மில் பலருடைய வீட்டுக் குப்பையும் இன்று காலை யாரோ ஒருவர் கையில்தான் போயிருக்கிறது. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

*

அண்ணன்மார்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நம் முன்னால் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. முதலாவது, இதுவரை வந்துகொண்டிருந்தவரையே மறுபடியும் கூப்பிடுவது. அவர் விடியற்காலையில் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறுவார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு இறங்குவார். இதற்கு வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் கொடுத்தோம். இப்போது நூற்றைம்பதாக உயர்த்தி, வடிகால் அடைப்பு, கழிவுநீர்த் தொட்டி போன்ற வேலைகளையும் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்கிறார்கள். இரண்டாவது, நாமே வீட்டுக்குள் பிரித்து, கீழே கொண்டுவந்து தனித்தனித் தொட்டிகளில் போட்டு, தெருவுக்கு வரும் நகராட்சி வண்டியில் கொடுப்பது. நான் இரண்டாவதைத்தான் ஏற்கச் சொல்கிறேன்.

பேச்சுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பத்து நாள் வராமல் இருந்தபோது, இங்கே ஒருவர் என்னிடம் வந்து, "உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வேற யாரையாவது பிடிச்சுக் குடுங்களேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். குப்பை என்றதும் யாரைக் கேட்பது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். என் எம்.ஏ. சான்றிதழோ நான் பார்க்கும் வேலையோ அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. கோபத்தைக் கொட்ட இதைச் சொல்லவில்லை. இன்று நாம் எடுக்கப்போகும் முடிவு எதைப் பற்றியது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அவர் ஏன் பத்து நாள் வரவில்லை என்று யாராவது விசாரித்தோமா? நான் போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் ஊசி குத்தி வீங்கியிருந்தது. இன்சுலின் ஊசி. பிஸ்கட் கவருக்குள் சுருட்டி, சாம்பாரும் முருங்கைச் சக்கையும் இருந்த பைக்குள் போட்டிருக்கிறார்கள். எந்த வீடு என்று நான் தேடப்போவதில்லை. சர்க்கரை நோய் நம் கட்டடத்தில் ஐந்தாறு வீட்டில் இருக்கிறது. அவர் அந்தப் பையை ஏன் கையை விட்டுத் துழாவினார் என்பதுதான் கேள்வி. நாம் கலந்து கொடுத்ததால் துழாவினார். அட்டை, பாட்டில், பால் கவர் ஆகியவற்றைத் தனியே எடுத்தால்தான் அவருக்கு நாலு காசு கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். குப்பையைப் பிரிப்பது கூடுதல் வேலை, அது நமக்கு முடியாது என்று சிலர் சொன்னீர்கள். பிரிக்கும் வேலை எப்படியும் நடக்கிறது. நம் சமையலறையில் நடக்காவிட்டால், ஏரிக்கரையிலோ குப்பைக் கிடங்கிலோ நடக்கிறது. சமையலறையில் அது ஒரு நொடி வேலை. வாழைப்பழத்தோல் ஒரு வாளிக்கு, பால் கவர் இன்னொரு வாளிக்கு. அதையே ஒரு நாள் கழித்துச் செய்தால் அழுகலுக்குள் கைவிட்டுச் செய்ய வேண்டும். வேலையை நாம் மிச்சப்படுத்தவில்லை. நம் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தள்ளிவிட்டிருக்கிறோம். அந்த இன்னொரு கை யாருடையது என்பதை இந்த நாட்டில் சம்பளமும் படிப்பும் தீர்மானிப்பதில்லை. பிறப்பு தீர்மானிக்கிறது. இந்தத் தெருவில் குப்பை எடுக்க வந்தவர்களில் ஒருவராவது சேரிக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறாரா என்று மூத்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

பிரிக்கத் தெரியாது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லவே கூடாது. நம்மில் நான்கு வீட்டில் தறி வேலையோ பட்டு வியாபாரமோ இருக்கிறது. தறியிலிருந்து விழும் ஜரிகைத் துண்டை யாராவது காய்கறித் தோலோடு போடுகிறோமா? டப்பாவில் சேர்த்து, எடை போட்டு விற்கிறோம். கிழிந்த பட்டுப் புடவையைக்கூட ஜரிகைக்காக வாங்க ஆள் இருக்கிறது. மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு விரல் நீள இழையைக்கூடப் பிரித்து வைக்க நமக்குத் தெரிகிறது. குப்பையில் பிரிக்க மறுக்கிறோம் என்றால், அதைத் தொடப்போகிற கைக்கு நாம் மதிப்பு வைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி கணக்குக்கு வருவோம். போன வாரம் மூன்று நாள், இரண்டாம் மாடி அண்ணன் உதவியோடு, நம் கட்டடத்துக் குப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 14 கிலோ. அதில் 9 கிலோ ஈரக்குப்பை: சாதம், காய்கறித் தோல், டீத்தூள், பூ. 4 கிலோ உலர் குப்பை. மிச்சம் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு, நாப்கின், டயப்பர், மருந்துப் பட்டை, ஊசி ஆகியவை. அந்த 9 கிலோவையும் இந்த 4 கிலோவையும் ஒரே பையில் போடாமல் இருந்தால் நாற்றம், ஈ, நாய் என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

பழைய ஏற்பாட்டில் அவருக்கு நாம் கொடுத்தது வீட்டுக்கு நூறு, மொத்தம் 1200 ரூபாய். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 40 ரூபாய். மூன்று மாடி ஏறி இறங்கி, பன்னிரண்டு வாசலில் குனிந்து, 14 கிலோவைச் சுமந்து போவதற்கு 40 ரூபாய். வாசலுக்கு மூன்று ரூபாய் சொச்சம். நூற்றைம்பதாக உயர்த்தினாலும் நாளுக்கு 60 ரூபாய்தான். அந்த இருபது ரூபாய்க்குள் வடிகாலையும் தொட்டியையும் சேர்க்கச் சொல்கிறீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே முதல் யோசனையை நான் எதிர்க்கிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை வைத்துத் தொட்டியையோ பாதாளச் சாக்கடையையோ சுத்தம் செய்யச் சொல்லும் எவரும், தனி நபராக இருந்தாலும், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் அனுபவிக்க நேரிடும். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. "இறங்கச் சொல்லவில்லை, எட்டிப் பார்க்கத்தான் சொன்னோம்" என்பது இத்தகைய சாவுகளில் அடிக்கடி கேட்கும் வாக்குமூலம். தினமும் வந்து போகிற, பழகிய, எதிர்த்துப் பேசாத ஒருவர் இருந்தால்தான் அப்படி எட்டிப் பார்க்கச் சொல்லத் தோன்றும். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும், குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பன்னிரண்டாகப் பிரிப்போம். இதில் பேரம் இல்லை.

இரண்டாவது யோசனையில் நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை உண்டாக்குகிறவர்தான் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. அதாவது இது நம் தயவு அல்ல, கடமை. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், மூடியுள்ள தொட்டிகள் வைப்போம். பச்சைத் தொட்டியில் ஈரக்குப்பை. நீலத் தொட்டியில் உலர் குப்பை. மூன்றாவதாகச் சிறிய தொட்டி ஒன்று, ஊசி, காலாவதியான மருந்து, பேட்டரி, உடைந்த பல்பு ஆகியவற்றுக்கு. ஊசியை மட்டும் வெறுமனே போடக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, நிரம்பியதும் அப்படியே வைக்க வேண்டும்.

நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றப்பட்டு, மேலே சிவப்பு மையால் பெரிய புள்ளி வைக்கப்பட வேண்டும். டயப்பரில் இருப்பதை முதலில் கழிப்பறையில் கொட்டிவிட வேண்டும். இந்தச் சிவப்புப் புள்ளி என் கண்டுபிடிப்பு அல்ல. புனே நகரில் குப்பை எடுக்கும் பெண்கள் கொண்டுவந்தது. பொட்டலத்தைப் பார்த்ததும் திறக்கக் கூடாது என்று அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு அந்தப் பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கே தப்பு நடக்கும் என்பதும் தெரியும். ஈரக்குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுப் பச்சைத் தொட்டிக்குள் எறிவோம். பிரித்துவிட்டோம் என்று நமக்குத் திருப்தி. ஆனால் நுண்ணுர மையத்தில் அந்த முடிச்சை யாரோ கையால் கிழித்தாக வேண்டும். காற்றுப் புகாமல் அழுகியதன் நாற்றம் அவர் முகத்தில் அடிக்கும். கிழிக்காமல் அப்படியே போட்டால் ஒன்றரை மாதம் கழித்துச் சலிக்கும்போது உரத்தில் பிளாஸ்டிக் துணுக்கு வரும், அந்த உரத்தை எந்த விவசாயியும் வாங்க மாட்டார். ஆகையால் பச்சைத் தொட்டிக்குக் கவர் கிடையாது. வீட்டு வாளியில் செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், அப்படியே கவிழ்த்துவிட்டு வாளியைக் கழுவுங்கள். பச்சைத் தொட்டியைத் திறந்தவுடன் முடிச்சுப் போட்ட பை கண்ணில் பட்டால் ஏற்பாடு சரியாக நடக்கவில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனை வேண்டாம்.

வண்டி வரும்போது தொட்டிகளை வாசலுக்கு உருட்டிப் போய், கொடுத்துவிட்டு, கழுவி வைப்பது முறைவேலை. வாரத்துக்கு ஒரு வீடு. பன்னிரண்டு வீடு என்பதால் ஒருவருக்கு வருடத்தில் நான்கு வாரம் சொச்சம் வரும். பட்டியலில் வீட்டு எண்ணோடு ஒரு ஆணின் பெயரையும் எழுதச் சொல்கிறேன், ஆண்கள் இருக்கும் வீடுகளில். இல்லாவிட்டால் சாதியிடமிருந்து பறித்த வேலையை அக்காக்கள் தலையில் கட்டிவிடுவோம்.

இங்கேதான் முணுமுணுப்பு வரும் என்று தெரியும். "நாங்க போய்க் குப்பைத் தொட்டியைக் கழுவுறதா?" உங்கள் வீட்டுக் குப்பை, உங்கள் வீட்டுச் சோறு. நீங்கள் சமைத்தபோது அது சுத்தமாக இருந்தது. நீங்கள் சாப்பிட்டபோது சுத்தமாக இருந்தது. வாசல் தாண்டியதும் அது தீட்டாகி, அதைத் தொடுவதற்கென்று ஒரு சாதி தேவைப்படுகிறது என்றால், அழுக்கு எங்கே இருக்கிறது? குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கைதான் எல்லோருடையதும். அந்தக் கை தொட்டியைக் கழுவினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது எதிர்ப்பு நியாயமானது. "வருகிறவருக்கு இருந்த வருமானம் போகுமே, நீங்களே உங்க ஜனத்தோட வயித்துல அடிக்கலாமா?" இதைக் கேட்டவருக்கு நன்றி. இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போது வந்திருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது.

இதற்காகத்தான் புனேயைச் சொல்ல வந்தேன். அங்கே தெருவில் காகிதமும் பாட்டிலும் பொறுக்கி வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 1993-ல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். நாங்கள் பிச்சை எடுக்கவில்லை, நகரத்துக்கு வேலை செய்கிறோம் என்று வாதாடி, நகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டை வாங்கினார்கள். பின்னர் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலையை 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு எடுத்தார்கள். வீட்டார் பிரித்துத் தர வேண்டும், அதற்கு மேல் மாதக் கட்டணமும் தர வேண்டும், உலர் குப்பையை விற்கும் பணம் எடுப்பவருக்கே சொந்தம். நாப்கின் பொட்டலத்தைக் கையால் பிரிக்க வேண்டியிருந்த கொடுமையை எதிர்த்து, பயன்படுத்திய நாப்கின்களைச் சேர்த்து அவற்றைத் தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலையை விட்டுவிடுவதும் பழையபடியே செய்வதும் மட்டும்தான் வழி என்று அவர்கள் நினைக்கவில்லை. வேலையின் நிபந்தனையை மாற்றினார்கள்.

நம்மிடம் வந்தவரிடம் நான் கேட்டேன். "கலந்து குடுக்காதீங்க, பகல்ல வர விடுங்க, அது போதும்" என்றார். ஆகவே என் யோசனை இது. நீலத் தொட்டியில் விற்கக்கூடியதை, அதாவது அட்டை, செய்தித்தாள், பாட்டில், இரும்பு ஆகியவற்றை, நகராட்சி வண்டிக்குக் கொடுக்காமல் தனியாக மூட்டை கட்டி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் முன்வாசல் வழியாக வந்து எடுத்துப் போகட்டும். அதற்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கொடுப்போம், மாதம் 600. வாரம் ஒரு தடவைதான் வருகிறார், ஆக ஒரு தடவைக்கு 150 ரூபாய். விற்கக்கூடியது நம் கட்டடத்தில் நாளுக்கு இரண்டரை கிலோ அளவு தேறும், மாதத்துக்கு 75 கிலோ. சாம்பாரில் ஊறாத அட்டைக்குக் கடையில் நல்ல விலை கிடைக்கும். எல்லாம் சேர்த்துச் சராசரி கிலோ பத்து ரூபாய் என்று வைத்தாலும் 750. மொத்தம் 1350. நாள்தோறும் அழுகலைச் சுமந்து அவர் வாங்கிய கூலியைவிடக் குறையவில்லை. முன்பும் அவர் குப்பையிலிருந்து பொறுக்கி விற்றார், மறுக்கவில்லை. ஆனால் நனைந்த சரக்குக்கு அவருக்குப் பாதி விலைதான் கிடைத்தது. அவர் கை வீங்கி வராமல் போன பத்து நாளுக்கு நாம் பணத்தைப் பிடிக்கக் கூடாது, மருத்துவச் செலவையும் தர வேண்டும். ஊசி நம்முடையது.

மூன்றாவதாக, நகராட்சி வண்டி என்றால் மட்டும் அங்கே சாதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வண்டியில் வருகிறவர்களும் பெரும்பாலும் நம் சேரிக்காரர்கள்தான். தமிழ்நாட்டு நகரங்களில் இந்த வேலை வேகமாக ஒப்பந்தத்துக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் இருந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அதை மறைத்துவிட்டு அரசு ஏற்பாடு சொர்க்கம் என்று நான் பேச மாட்டேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கூலி குறைந்தால் கேள்வி கேட்க ஒரு முதலாளி இருக்கிறார். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்கலாம், சங்கம் வைக்கலாம், ரிப்பன் மாளிகை முன்னால் உட்காரலாம். நம் பின்பக்கப் படிக்கட்டில் ஏறுகிறவருக்கு முதலாளி யார்? பன்னிரண்டு வீடு. அதாவது யாருமே இல்லை. ஊசி குத்தியபோது அவர் எந்த வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்?

கடைசியாக ஒன்று. இரண்டாவது ஏற்பாட்டில் அவரும் நகராட்சித் தொழிலாளியும் முன்வாசலில், பகலில், நம் முகம் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். பிரிக்காமல் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடுப்போம். சொன்னால் யாரும் குரல் உயர்த்தக் கூடாது, திருப்பி எடுத்துப் போய்ப் பிரித்து வர வேண்டும். இதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்கிறேன். இது எழுதப்படாவிட்டால் மூன்று தொட்டி வாங்கியும் பயனில்லை.

முறைப்பட்டியலில் முதல் வாரம் என் வீட்டைப் போடாதீர்கள். எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் முதல் வாரம் நான் தொட்டியை உருட்டினால் பார்ப்பவர்களுக்கு அது வழக்கமான காட்சியாகத்தான் தெரியும். வேறொரு வீடு தொடங்கட்டும். என் முறை வரும்போது நான் வருகிறேன்.

*

கை தூக்கச் சொன்னார்கள். எட்டு வீடு இரண்டாவது ஏற்பாட்டுக்கு, மூன்று வீடு பழையதற்கு, ஒரு வீடு எதற்கும் இல்லை. தொட்டி நிரம்பினால் லாரிதான் என்பது எதிர்ப்பில்லாமல் தீர்மானத்தில் ஏறியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றிய வரிக்கு மட்டும் அரை மணி நேரம் வாக்குவாதம். "அவங்க நம்மளைச் சொல்றதா?" என்று ஒருவர் மூன்று முறை கேட்டார். அந்த வரியும் ஏறியது. முதல் வாரத்துக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டவர், "உங்க ஆளுங்ககிட்ட" என்று என்னிடம் கேட்ட அதே அண்ணன். இன்று காலை பச்சைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். முடிச்சுப் போட்ட பை இரண்டு கிடந்தது. அவரே குனிந்து எடுத்து, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு மாடி ஏறினார்.